பேச்சுத் தேர்வு க்யூ கார்டு: கடைசி வரியிலிருந்து குறிப்பெடுங்கள்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு முடிவு வந்துவிட்டது. பேச்சில் எனக்கு வேண்டிய பேண்ட் மதிப்பெண் கிடைத்த நிம்மதியில் எழுதுகிறேன். எனக்குக் கைகொடுத்தது, கார்டில் தரும் தலைப்பைப் பற்றித் தனியாகப் பேசும் இரண்டாம் பகுதிதான், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

கார்டில் முதல் மூன்று வரிகள் தகவல் கேட்பவை. என்ன, எங்கே, எப்போது என்று இரண்டிரண்டு வாக்கியங்களில் அவை தீர்ந்துவிடும். நிறையப் பேர் மேலிருந்து குறிப்பெடுத்து, நாற்பது வினாடியில் பேச்சு வற்றிப்போய் நிற்பது இதனால்தான். 'விளக்குங்கள்' என்று முடியும் கடைசி வரியில்தான் பேச்சை இரண்டு நிமிடம் வரை இழுக்க இடம் இருக்கிறது. தயாராகக் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் பாதியை நான் அதற்கே கொடுத்தேன்.

'நீங்கள் தொலைத்த ஒரு பொருள்' என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். பொருள் கைக்கடிகாரம். கடைசி வரி, அப்போது எப்படி உணர்ந்தீர்கள் என்பது. தாளின் அடியில் முதலில் இதை எழுதுவேன்:

- அன்று: பதற்றம், அப்பா தந்தது
- இன்று: பொருளை வைத்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன்
- திரும்பக் கிடைத்தால்: அப்பாவிடம் காட்டுவேன்

இறந்த காலம், நிகழ்காலம், 'இஃப்' வாக்கியம் மூன்றும் இதில் தானாக வந்துவிடும். இலக்கணத்துக்கும் தனி மதிப்பெண் உண்டு அல்லவா? அப்புறம் மேல் வரிகளுக்கு வினைச்சொற்களை மட்டும், அதுவும் இறந்த கால வடிவத்திலேயே எழுதுங்கள்: லெஃப்ட், ரியலைஸ்ட், வென்ட் பேக். கதை சொல்லும் வேகத்தில் காலம் மாறிப்போகாமல் அது பிடித்து நிறுத்தும்.

இணைப்புச் சொற்களில் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' இரண்டையும் கட்டுரைக்கு விட்டுவிடுங்கள். பேச்சில் அவை ஒட்டாது. எனக்கு நாலு போதுமாக இருந்தது:

- அடுத்த வரிக்குப் போக: 'ஆஸ் ஃபார் வேர் ஐ லாஸ்ட் இட்'
- காரணம் சொல்ல: 'த திங் இஸ்'
- இன்றைக்கு வர: 'லுக்கிங் பேக்'
- கற்பனைக்கு: 'இஃப் ஐ எவர் காட் இட் பேக்'

கார்டுகளைத் தலைப்பு வாரியாக அடுக்காமல் கடைசி வரி வாரியாக அடுக்கிப் படியுங்கள். 'எப்படி உணர்ந்தீர்கள்', 'ஏன் முக்கியம்', 'என்ன கற்றீர்கள்' என்று சில கட்டுகளாகப் பிரியும். அதே கடிகாரம் பரிசு கார்டுக்கும் குடும்பப் பொருள் கார்டுக்கும் பொருந்தும், கடைசி வரிக்கான குறிப்பு மட்டும் மாறும். முழுப் பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒப்பிப்பது குரலிலேயே தெரிந்துவிடும், தேர்வாளர் கண்டுகொள்வார். என்னைப் போல யோசித்துப் பேசுகிறவர்களுக்கு இந்த முறை பொருந்தும். சரளமாகக் கதை சொல்ல வருகிறவர்களுக்கு வினைச்சொல் வரி மட்டுமே போதும்.

வீட்டில் பதிவு செய்து கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கடைசி வரிக்கு வரும்போது ஒரு நிமிடம் தாண்டக் கூடாது. தேர்வில் இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளரே நிறுத்துவார். அதற்கு மதிப்பெண் குறையாது, நிறுத்தும்வரை பேசிக்கொண்டே இருங்கள்.