பெரும்பான்மை வாக்கு ஏன் வட்டமடிக்கிறது? நலப் பொருளியல் தாளுக்கு நான் படித்த வழி

எம்.ஏ. பொருளியலில் நலப் பொருளியல் படிப்பவர்கள், பெரும்பான்மை வாக்கு ஒருவரிலும் நிற்காமல் வட்டமடிக்கும் கான்டோர்செ முரண்பாட்டைச் சந்திக்காமல் போக முடியாது. குறிப்புகளில் பெரும்பாலும் மூன்று வாக்காளர், மூன்று வேட்பாளர் கொண்ட ஒரு சின்ன அட்டவணைதான் இருக்கும். வரையறை கேட்டால் அது போதும். கேள்வியில் எண்களை மாற்றி, "இங்கே எல்லோரையும் வெல்லும் வேட்பாளர் உண்டா, இல்லையென்றால் ஏன்?" என்று கேட்டால் அது கைகொடுக்காது. பிரெஞ்சு அறிஞர் கான்டோர்செ 1785இல் வெளியிட்ட நூலில் 60 வாக்காளர்களை வைத்து ஓர் உதாரணம் தருகிறார். அதை ஒரு வெள்ளைத்தாளில் முழுசாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தப் பகுதி பிடிபட்டது. நீங்களும் பேனாவை எடுத்துக்கொண்டு படித்தால் நல்லது.

வேட்பாளர்கள் க, ச, ப என்று மூவர். 60 பேரின் விருப்ப வரிசை இது:

23 பேர்: க > ச > ப
17 பேர்: ச > ப > க
2 பேர்: ச > க > ப
10 பேர்: ப > க > ச
8 பேர்: ப > ச > க

இனி இருவர் இருவராக மோதவிட வேண்டும். முதலிடம் யாருக்கு என்பதை மறந்துவிடுங்கள். இந்த இருவரில் யார் முன்னால் இருக்கிறார் என்பது மட்டும்தான் கணக்கு. கவும் சவும் மோதினால், கவை முன்னால் வைத்தவர்கள் 23 பேரும் 10 பேரும். ஆக 33க்கு 27, க வெற்றி. சவும் பவும் மோதினால் 23, 17, 2 சேர்ந்து 42க்கு 18, ச வெற்றி. க சவை வென்றார், ச பவை வென்றார், அப்படியென்றால் க பவை வெல்ல வேண்டும் என்றுதான் மனம் ஓடும். மூன்றாவது மோதலைப் போடாமல் விடையை எழுதிவிடத் தோன்றும் இடம் இதுதான். போட்டுப் பாருங்கள்: பவை கவுக்கு முன்னால் வைத்தவர்கள் 17, 10, 8. ஆக 35க்கு 25, ப வெற்றி. க சவை வெல்கிறார், ச பவை வெல்கிறார், ப கவை வெல்கிறார். யாரை வெற்றியாளர் என்று அறிவித்தாலும், அவரைவிட இன்னொருவர்தான் மேல் என்று சொல்லும் பெரும்பான்மை ஒன்று இருக்கிறது.

பதினோராம் வகுப்புக் கணிதத்தில் படித்த கடப்பு உறவு இங்கே உடைகிறது. விடைத்தாளில் அதை எழுதுவதோடு நிறுத்தாமல், அது எப்படி உடைகிறது என்றும் எழுத வேண்டும். அறுபது பேரில் ஒருவர்கூடக் குழம்பவில்லை. ஒவ்வொருவரின் வரிசையும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கவை சவுக்கு மேல் வைத்த 33 பேரும், சவைப் பவுக்கு மேல் வைத்த 42 பேரும் ஒரே ஆட்கள் அல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் முதல் வரியில் உள்ள 23 பேர் மட்டுமே. க பவைவிட மேல் என்பது அவர்களுக்குக் கட்டாயம். மற்ற 37 பேருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அவர்களில் 2 பேர்தான் அதை ஒப்புக்கொள்கிறார்கள். நாம் மூன்று முறையும் "பெரும்பான்மை" என்று ஒரே சொல்லைச் சொல்கிறோம், மூன்று முறையும் கை தூக்குவது வேறு வேறு கூட்டம். என்னைக் கேட்டால் இந்த முரண்பாட்டின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இதிலிருந்தே விடையைச் சரிபார்க்க ஒரு வழி கிடைக்கிறது. வட்டத்தில் மூன்று கூற்றுகள் உள்ளன. ஒழுங்கான வரிசை வைத்திருக்கும் ஒருவர் மூன்றையும் ஆதரிக்க முடியாது. ஒன்றையோ இரண்டையோதான் ஆதரிக்க முடியும். நம் கணக்கில் இரண்டை ஆதரிப்பவர்கள் 23, 17, 10 ஆக 50 பேர். ஒன்றை மட்டும் ஆதரிப்பவர்கள் மீதி 10 பேர். மொத்தம் 110. மோதல்களில் வென்ற வாக்குகளைக் கூட்டினாலும் 33, 42, 35 சேர்ந்து 110. இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ கூட்டல் தவறியிருக்கிறது. இந்தக் கூட்டுத்தொகை 120ஐத் தாண்ட வழியில்லை என்பதால் மூன்று வெற்றிகளும் 40 வாக்குக்கு மேல் இருக்கவும் வழியில்லை. அதாவது வெல்வதற்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டும் என்று விதி வைத்தால் மூவர் வட்டம் வரவே வராது. ஆனால் அந்த விதியில் பல மோதல்கள் முடிவே இல்லாமல் நின்றுவிடும். அந்த விலையையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து, வட்டம் இருக்கும்போது வாக்கெடுப்பை நடத்தும் வரிசையே முடிவைத் தீர்மானிக்கும். ஒரு குழுவில் முதலில் இருவரை மோதவிட்டு, வென்றவரை மூன்றாமவரோடு மோதவிடுவது வழக்கம். முதலில் க, ச என்று தொடங்கினால் கடைசியில் ப வெல்வார். ச, ப என்று தொடங்கினால் க. க, ப என்று தொடங்கினால் ச. கடைசியாகக் களமிறங்குபவர் ஜெயிக்கிறார். வாக்குகள் அனைவரின் மனசாட்சிப்படியே விழுந்தும், நிகழ்ச்சி நிரலை எழுதியவர் கையில் முடிவு போய்விடுகிறது. எந்தக் குழுவிலும் இதைக் கவனிக்காமல் விடுவது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, எப்போது வட்டம் வராது? 1948இல் பொருளியலாளர் டங்கன் பிளாக் ஒற்றை உச்சி நிபந்தனையைத் தந்தார்: வேட்பாளர்களை ஒரு கோட்டில் நிறுத்தினால், ஒவ்வொருவரின் விருப்பமும் தனக்கு மிகப் பிடித்த உச்சியிலிருந்து இரு பக்கமும் இறங்கிக்கொண்டே போக வேண்டும். அதை வரைபடமாகப் படித்தால் தேர்வில் நேரம் போகும். மூவர் மட்டும் இருக்கும்போது கடைசி இடத்தைப் பார்த்தாலே போதும். யாராலுமே கடைசியில் வைக்கப்படாத ஒருவர் இருந்தால், அவரை நடுவில் வைத்து மூவரையும் ஒரு கோட்டில் நிறுத்தலாம், பெரும்பான்மை வட்டமடிக்காது. நம் உதாரணத்தில் கவை 25 பேரும், பவை 25 பேரும், சவை 10 பேரும் கடைசியில் வைக்கிறார்கள். மூவரும் மாட்டுகிறார்கள். அந்த 10 பேர் தங்கள் இரண்டாம், மூன்றாம் இடங்களை மட்டும் மாற்றி ப > ச > க என்று வைத்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ச கவை 37க்கு 23 என்று வெல்கிறார், பவை முன்போலவே 42க்கு 18 என்று வெல்கிறார். வட்டம் போய்விட்டது. கோட்டில் க பக்கம் 23, நடுவில் ச 19, ப பக்கம் 18. வரிசையில் 30ஆவது, 31ஆவது ஆட்கள் இருவரும் ச ஆதரவாளர்கள். இடைநிலை வாக்காளரின் விருப்பம் வெல்லும் என்ற தேற்றம் சொல்வது இதைத்தான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்த நிபந்தனை இருந்தால் வட்டம் வராது என்பது சரி, இல்லாவிட்டால் வட்டம் வந்தே தீரும் என்பது தவறு. மூன்று வாக்காளர், மூன்று வேட்பாளர் என்றால் ஒவ்வொருவருக்கும் 6 வரிசைகள் சாத்தியம், மொத்தம் 216 அமைப்புகள். அவற்றில் வட்டமடிப்பவை 12 மட்டுமே, அதாவது பதினெட்டில் ஒன்று. அதுவும் எல்லா வரிசைகளும் சம வாய்ப்புள்ளவை என்று கொண்டால்தான். ஆகவே கடைசி இடச் சோதனையில் மூவரும் மாட்டினால் "வட்டம்" என்று எழுதிவிடாமல், மூன்று மோதல்களையும் போட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

கேள்வியில் ஒரே கோட்டில் அடங்காத விஷயம் வந்தால், உதாரணமாக ஒரு நிதிநிலை அறிக்கையில் கல்விக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்து முடிவுசெய்ய வேண்டியிருந்தால், இடைநிலை வாக்காளரை அங்கே இழுக்காதீர்கள். இரண்டு திசைகள் வந்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் ஒரே உச்சி இருந்தாலும் வட்டம் திரும்பி வரலாம்.