கட்டணம் என்ற ஒரே சொல் போதாத இடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடியிருப்போர் சங்கம் ஒன்றுக்காக, குடிநீர், மின்சாரம், சொத்து வரி ஆகியவை சேர்ந்து வரும் நகராட்சிப் பில்லைத் தமிழ் முதியோருக்கு விளக்கும் அறிவிப்பை எழுதும் பணி எனக்கு வந்தது. முந்தைய வரைவில் எல்லா இடங்களிலும் ‘கட்டணம்’ என்றே இருந்தது. எதன் மீது கேள்வி எழுப்பலாம் என்பதைப் படிப்பவர் அதிலிருந்து அறிய முடியாது.

நான் முதலில் பிரித்தது கட்டண வீதத்தையும் கட்டணத்தையும். ஒரு கிலோலிட்டருக்கு இவ்வளவு என்று நகராட்சி மன்றம் தீர்மானித்து, பொதுவாக ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவருவது வீதம். அந்த வீதத்தை ஒரு வீட்டின் மீட்டர் அளவோடு பெருக்கி வருவது நுகர்வுக் கட்டணம். மீட்டர் தவறாக வாசிக்கப்பட்டால் கட்டணத்தின் மீது முறையிடலாம். வீதத்தைப் பற்றிய கருத்தை வரவுசெலவுத் திட்டம் இறுதியாகும் முன் தெரிவிக்க வேண்டும்.

வீதம் படிப்படியாக உயரும்போது இந்த வேறுபாடு கூர்மையாகிறது. விளக்கத்திற்காக, முப்பது நாளில் முதல் 6 கிலோலிட்டர் வரை கிலோலிட்டருக்கு 30 ராண்ட், அதற்கு மேல் 40 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோலிட்டர் பயன்படுத்தியவருக்கு 180 ராண்டும் 560 ராண்டும் சேர்ந்து 740 ராண்ட் ஆகும்; முழு அளவையும் 40 ஆல் பெருக்கி 800 என்று எண்ணுவது தவறு. அதே 20 கிலோலிட்டர் 40 நாளில் ஓடியிருந்தால், முதல் படியின் எல்லை 8 கிலோலிட்டராக நீட்டப்பட வேண்டும்; அப்போது தொகை 720 ராண்டாகக் குறையும். இரண்டு மீட்டர் வாசிப்புத் தேதிகளுக்கும் இடைப்பட்ட நாள்களை எண்ணினாலே, எல்லை நீட்டப்பட்டதா என்பது தெரிந்துவிடும். ஆகவே அந்தத் தேதிகளைத் தொகைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று வற்புறுத்தினேன்.

தண்ணீரே பயன்படுத்தாவிட்டாலும் வருவது நிலைக் கட்டணம். துண்டித்த இணைப்பை மீண்டும் தருவது போன்ற ஒருமுறைப் பணிக்குப் பெறுவதைச் சேவைக் கட்டணம் என்று எழுதினேன். சொத்து வரியைக் கட்டணம் என்று ஒருபோதும் எழுதக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்; ஏனெனில் குடிநீருக்கு 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி சேரும், சொத்து வரிக்கு அந்த வீதம் சுழியம். இரண்டும் ஒரே பெயரில் நின்றால் வரிக் கணக்கைச் சரிபார்க்கவே முடியாது.

தீர்வை என்ற சொல்லை, சட்டத்தின் பேரில் விதிக்கப்படுவதற்கு மட்டும் ஒதுக்கினேன். புதுப்பிக்க இயலாத எரிபொருளால் உற்பத்தியாகும் மின்சாரத்தின் மீது 2009 இல் தென்னாப்பிரிக்க அரசு கொண்டுவந்த சுற்றுச்சூழல் தீர்வை அத்தகையது. அதை உற்பத்தியாளர் அரசுக்குச் செலுத்துகிறார், வீட்டுக்காரரோ மின்கட்டண வீதத்தின் உள்ளடக்கமாக அதன் சுமையை ஏற்கிறார்.

பிரீமியம் என்பதை, பில்லோடு காப்பீடும் வசூலிக்கப்பட்டால் மட்டும் காப்பீட்டுத் தவணை என்று எழுதலாம். உச்ச நேர மின்சாரத்தின் உயர்ந்த விலையைப் பிரீமியம் என்று சொன்னால், ஏதோ ஒரு காப்பீட்டில் சேர்ந்துவிட்டோம் என்று முதியோர் நினைப்பார்கள். அதற்கு ‘உச்ச நேர வீதம்’ என்றே எழுதினேன்.