கிணத்து நீச்சல்காரனோட வலது தோள்பட்டை

நான் நீச்சல் கத்துக்கிட்டது ஊர்க் கிணத்துல, முதுகுல சுரைக்குடுவை கட்டி மாமா தூக்கிப் போட்டாரு, அவ்ளோதான் கோச்சிங். முப்பத்தெட்டு வயசுல உடம்பு ஏறிடுச்சேன்னு 25 மீட்டர் பூல்ல சேர்ந்து ஃப்ரீஸ்டைல் ஆரம்பிச்சா, மூணாவது மாசம் வலது தோள்பட்டை முன்பக்கம் சுருக்குனு ஒரு வலி. கை முன்னாடி நீண்டு தண்ணிய பிடிக்க ஆரம்பிக்கிற அந்த நொடியில மட்டும்தான் வரும். ஒரு லென்த் முடிக்க 27 கை போட்டுட்டு இருந்தேன், என் வயசுக்காரர் பக்கத்து லேன்ல 19 கைல அசால்ட்டா போவாரு.

பிசியோகிட்ட போனேன். அவரு என்னைக் கட்டில்ல குப்புற படுக்க வெச்சு, கையை முன்னாடி நீட்டி தண்ணிய இழுக்குற மாதிரி இழுக்கச் சொல்லி, அக்குளுக்குப் பின்னாடி இருக்குற சதையைத் தொட்டுப் பார்த்தாரு. "இது வேலையே செய்யலையே சார், தோள்லயே இழுக்குறீங்க"ன்னாரு. அந்தச் சதைதான் லாட்ஸ். கீழ்முதுகு, இடுப்பெலும்பு விளிம்புல ஆரம்பிச்சு விசிறி மாதிரி முதுகுல ஏறி, அக்குள் வழியா மேல்கை எலும்போட முன்பக்கம் வந்து ஒட்டுது. அதாவது கையையும் இடுப்பையும் நேரா கட்டிப் போட்ட பெல்ட்டு.

எனக்கு இது புரிஞ்சது கிணத்தை வெச்சுதான். கிணத்துத் திட்டுல ரெண்டு கையையும் ஊன்றி மேல ஏறுவோம்ல, கை அங்கேயேதான் இருக்கும், உடம்புதான் மேல வரும். ஃப்ரீஸ்டைலும் அதே கதை. உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரு பலகை மாதிரி பின்னாடி பார்த்து நிக்கணும், அப்ப தண்ணி திட்டு மாதிரி கொஞ்சம் பிடி குடுக்கும், லாட்ஸ் இழுக்கும், உடம்பு அந்தக் கையைத் தாண்டி முன்னாடி போகும். முழங்கை கீழ தொங்கிட்டா பலகை சாஞ்சுடும், தண்ணிய கீழ அமுக்குறோம், தலை தூக்கும், கால் முங்கும். நான் மூணு மாசமா அதைத்தான் பண்ணேன், கையைச் சுத்தி ஒரே நுரை வேற.

அடுத்தது உடம்பு திரும்புறது. நான் வலப்பக்கம் மட்டும்தான் மூச்சு எடுப்பேன், அதனால அந்தப் பக்கம் நல்லா உருளுவேன், ஆனா வலது கை முன்னாடி போகும்போது இடப்பக்கம் மேல எழும்பவே மாட்டேங்குது, பலகை மாதிரி தட்டையா கிடப்பேன். தட்டையா கிடந்து கையை நீட்டி இழுத்தா தோள் மூட்டுக்குள்ள இடம் குறைஞ்சு தசைநார் நசுங்குது, வலிக்கு அதுதான் காரணம்னாரு. வலது பக்கம் கொஞ்சம் கீழ சாஞ்சு இருக்கும்போது கையைப் பதிச்சுட்டு, இடது கை உள்ள போற நேரத்துல வலது இடுப்பு மேல எழும்பணும். லாட்ஸ் இடுப்புல கட்டியிருக்குறதால அந்தத் திருப்பமும் இழுப்போட சேர்ந்துக்கும். உருளுறது மட்டுமே உங்களைத் தள்ளாது, இதைப் பலபேரு தப்பா புரிஞ்சுக்குறாங்க, கை தண்ணில பிடி போட்டிருந்தாதான் உதவும்.

ரொட்டேட்டர் கஃப்னு சொல்றது தோள்மூட்டைச் சுத்தி இருக்குற நாலு சின்னத் தசை. நம்மளைத் தள்ளுறது பெருசா அதோட வேலை இல்ல. லாட்ஸும் மார்புத் தசையும் மேல்கையை உள்பக்கமா முறுக்கி இழுக்கும்போது, எலும்பு உருண்டை குழிக்குள்ள நடுவுலயே நிக்கிற மாதிரி பிடிச்சு வைக்குறதுதான் வேலை. நீச்சல்காரங்களுக்கு உள்பக்கம் முறுக்குறது பலமாயிட்டே போகும், வெளிப்பக்கம் திருப்புற ரெண்டு தசை பின்தங்கிடும். அதுக்கு ரப்பர் பேண்டைக் கதவுல கட்டி, முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு முன்கையை வெளிய திருப்பணும், 15 தடவை, மூணு செட், ஒருநாள் விட்டு ஒருநாள். கேட்கவே போரான எக்சர்சைஸ், லேசான பேண்டே போதும், அதுலயே அந்த இடம் எரியும்.

பூல்ல ரெண்டு வாரம் வெறும் ட்ரில்தான். கை முஷ்டியை மூடிட்டு நீந்தினா உள்ளங்கை கிடையாது, முன்கையால தண்ணிய பிடிச்சே ஆகணும், முதல் நாள் நகரவே இல்ல. அப்புறம் ஒருபக்கமா சாஞ்சு ஆறு கிக், கை மாத்தி மறுபக்கம் ஆறு கிக். நடுவுல ஆர்வக்கோளாறுல முழுசா ஒருக்களிச்சு உருண்டேன், காலு கத்திரிக்கோல் மாதிரி பிரிஞ்சு பிரேக் போட்டுச்சு. பாதிச் சாய்வு, அதாவது 45 டிகிரிக்கு உள்ளயே போதும்.

பத்து வாரத்துல 21 கைக்கு வந்துட்டேன், சுருக்கு வலி இல்ல, முன்னல்லாம் தோள் முன்பக்கம் அசந்து போகும், இப்ப அக்குளுக்குக் கீழ விலாப்பக்கம்தான் கனக்குது. மூச்சு எடுக்குறப்போ இடது கை இன்னும் ஊன்றுகோல் மாதிரி கீழ அமுங்குது, அதைச் சரிபண்ண இப்ப மூணு கைக்கு ஒரு மூச்சுன்னு ரெண்டு பக்கமும் எடுத்துப் பாக்குறேன், பாதி தடவை தண்ணி குடிச்சுட்டுத்தான் வரேன்.