பாஸ்போர்ட்ல பதினைஞ்சு நாள் குறைஞ்சதால

அம்மாவ சிங்கப்பூர் அக்காகிட்ட அனுப்ப ராத்திரியே ஹட்டன்ல இருந்து வேன் புடிச்சு கட்டுநாயக்கவுக்கு போனோம், செக்-இன் கவுண்டர்ல அந்த பிள்ள பாஸ்போர்ட்ட ஒருக்கா பார்த்துட்டு போர்டிங் பாஸ் தர ஏலாதுன்னு சொல்லிருச்சு.

ஜூன் 14 பயணம், பாஸ்போர்ட் நவம்பர் 29 வரைக்கும் இருக்கு. ஆனா சிங்கப்பூர்ல இறங்குற நாள்ல இருந்து 6 மாசம் செல்லுபடியாகணும், அப்பிடின்னா டிசம்பர் 14, பதினைஞ்சு நாள் குறையுது. அங்க திருப்பி அனுப்பினா ஏர்லைன்தான் கூட்டிட்டு வரணுமாம், அதான் இங்கயே நிப்பாட்டுறாங்க. அம்மா பேக்க புடிச்சிக்கிட்டு பேசாம நின்டாங்க, மனசு தாங்கல.

டிக்கட் காசும் திரும்ப வராது. தயவுசெஞ்சு காசு கட்ட முன்ன பாஸ்போர்ட்ல முடியிற திகதிய பார்த்து, போற நாட்டு இமிக்ரேஷன் சைட்லயே விதிய வாசிங்க, ஏஜன்ட் சொல்றத மட்டும் நம்பாதீங்க.