58 பேர், 11 கார், 70 கொண்டை ஊசி வளைவு

கொல்லிமலையில் மூன்று நாள் மௌன தியான முகாம். பதிவு செய்த 58 பேரில் 46 பேர் சென்னையிலிருந்து வருகிறவர்கள். அவர்களில் 11 பேர் காரில் வருவதாகவும், மற்றவர்களை ஏற்றிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்கள். மீதி 35 பேரை அந்த 11 கார்களில் உட்காரவைப்பது என் பொறுப்பு. கையில் இருந்தது பதிவுப் படிவத்தின் முகவரியும், "காரில் எத்தனை இருக்கை?" என்ற கேள்விக்கு வந்த பதிலும்தான்.

முதலில் பட்டியலைப் பின்கோடு வரிசையில் அடுக்கினேன். அடுத்தடுத்த எண் என்றால் பக்கத்துப் பக்கத்து ஏரியா என்று நினைத்துவிட்டேன். 600040 அண்ணா நகர். 600041 திருவான்மியூர். நகரத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமான ஆட்களை ஒரே காரில் போட்டிருந்தேன்.

அதை அழித்துவிட்டு, வீடு எங்கே என்பதை விட்டு, கார் ஊரைவிட்டு எப்படி வெளியேறும் என்று பார்த்தேன். உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழியாகப் போவது என்று முடிவு செய்திருந்ததால், எல்லாக் காரும் ஜிஎஸ்டி சாலைக்கு வந்தே ஆக வேண்டும். அண்ணா நகர்ப் பக்கத்துக் கார்கள் மதுரவாயல் பைபாஸ் பிடித்துப் பெருங்களத்தூரில் வந்து சேரும். திருவான்மியூர், வேளச்சேரிக் கார்கள் மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் வரும். கிண்டி, குரோம்பேட்டைக்காரர்கள் ஜிஎஸ்டியிலேயே இருக்கிறார்கள். இப்படி மூன்று வழிகள். யாரையும் வீட்டு வாசலில் போய் ஏற்றவில்லை. வழியில் நான்கு இடங்களைச் சொல்லி அங்கே வந்து நிற்கச் சொன்னோம். காரோட்டி காலை ஆறு மணிக்குச் சந்து சந்தாகச் சுற்றினால், மலை ஏறும்போது களைத்துப்போயிருப்பார்.

முகவரியிலும் ஒரு சிக்கல் இருந்தது. பெரம்பூர் முகவரி கொடுத்திருந்த ஒரு பெண், உண்மையில் சோழிங்கநல்லூரில் விடுதியில் தங்கியிருந்தார்; ஆதாரில் உள்ளதை அப்படியே எழுதியிருந்தார். அதன்பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கே இருப்பீங்க?" ஒன்பது பேருக்குப் பதில் மாறியது.

இருக்கைக் கணக்குதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. படிவத்தில் கூட்டினால் 49. 35 பேருக்குத் தாராளம் என்று இருந்தேன். பதினோரு பேருக்கும் போன் போட்டபோது, ஏழு பேர் தங்கள் இருக்கையையும் சேர்த்து ஐந்து என்று எழுதியது தெரிந்தது. ஆக 42. அந்த ஏழில் ஐந்து சின்னக் கார்கள். மூன்று நாள் பைகள் டிக்கியில் அடங்காது, பின் இருக்கையில்தான் வரும். காருக்கு ஒன்று கழித்தால் 37. மிச்சம் இரண்டே இருக்கை! "உங்களைத் தவிர, ஆளுக்கொரு பையோடு எத்தனை பேரை ஏற்ற முடியும்?" என்று படிவத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு காரிலும் மிச்சம் எத்தனை என்று பார்க்க, கணினி விரிதாளின் கார்கள் தாளில் இதைப் போட்டேன்:

```
=C2-COUNTIF(riders!D:D,A2)
```

A2-இல் கார் எண், C2-இல் பேசி உறுதிசெய்த இருக்கை, riders என்ற பயணிகள் தாளின் D பத்தியில் அவரவருக்கு ஒதுக்கிய கார் எண். மைனஸ் வந்தால் அந்தக் காரில் இருக்கிற இருக்கையைவிட அதிகம் பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று பொருள்.

வியாழன் மாலை ஒரு காரின் கிளட்ச் போய்விட்டது. மூன்று இருக்கை போனது, அதை ஓட்ட வேண்டியவரும் பயணியானார். 34 இருக்கை, 36 பேர். திருச்சியிலிருந்து வந்த ஒரு தம்பதியின் காரில் இரண்டு இடம் இருந்தது. தனியாக இரவுப் பயணம் செய்ய விருப்பமா என்று கேட்டு, இரண்டு இளைஞர்களை நாமக்கல் பேருந்தில் அனுப்பினேன். காலையில் அந்தத் தம்பதி அவர்களை அங்கே ஏற்றிக்கொண்டார்கள்.

காரவள்ளி அடிவாரத்தில் எல்லாரும் மூன்று மணிக்குள் கூட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தோம். மேலே 70 கொண்டை ஊசி வளைவு. வழியில் போன் சிக்னலை நம்ப முடியாது. அங்கே தலை எண்ணிய பிறகே முதல் கார் ஏறியது. வாந்தி வருமென்று முன்கூட்டியே சொன்ன ஆறு பேரை ஆறு கார்களின் முன் இருக்கையில் வைத்திருந்தேன். இரண்டு பேர் ஒரே காரில் இருந்திருந்தால் ஒருவர் பின்னால் தவித்திருப்பார்.

முகாமில் போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், திரும்பும் பட்டியலை வெள்ளி இரவே தாளில் அச்சடித்துச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டினேன். முழு முகவரி எதையும் அதில் போடவில்லை. பெயர், கார் எண், இறங்கும் இடம் மட்டும். வந்த காரிலேயே திரும்பாதவர்கள் நான்கு பேர். இருவர் சேலத்தில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள். அவர்கள் பெயருக்கு நேரே, ஞாயிறு பகல் ஒரு மணிக்கு முதலில் கிளம்பும் காரின் எண்ணைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.