மேசையில் ஓர் உயரம், திரைப் படத்தில் வேறோர் உயரம்

குன்னூரிலிருந்து கோத்தகிரி வரையுள்ள தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களுக்குக் கணினிப் பராமரிப்புச் செய்துவரும் எனக்கு, "மவுஸ் சரியில்லை" என்று வரும் அழைப்புகளில் ஒரு பகுதி மவுஸைப் பற்றியதே அல்ல என்பது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. லேப்டாப்புக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு மானிட்டரை வைத்த பிறகுதான் இத்தகைய அழைப்புகள் வருகின்றன. கர்சர் ஒரு திரையிலிருந்து மறு திரைக்குப் போகும் வழியில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அல்லது கடந்து சென்றாலும், கண் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் வெகு கீழேயோ மேலேயோ போய்த் தோன்றும்.

குறை மவுஸில் உள்ளதா, திரைகளின் அமைப்பில் உள்ளதா என்று பிரித்தறிவது எளிது. ஒரே திரைக்குள் கர்சர் தடையின்றி ஓடி, இரு திரைகளுக்கும் இடைப்பட்ட விளிம்பில் மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் நின்றால், மவுஸின் மேல் பழி இல்லை. லேப்டாப்பின் டச்பேடால் நகர்த்திப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் கர்சர் நிற்கும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பசுந்தேயிலைக் கணக்கு எழுதும் அம்மையாரின் மேசையில் நான் கண்டதை இங்கே விரிவாகச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். இடப்பக்கம் 14 அங்குல லேப்டாப். அதில் விவசாயிகள் கொண்டுவரும் இலையின் எடைப் பதிவு. வலப்பக்கம் 27 அங்குல மானிட்டர். அதில் மாதக் கணக்கின் எக்செல் தாள். எடையை ஒன்றில் பார்த்து மற்றொன்றில் சேர்ப்பதுதான் அவருடைய வேலை என்பதால், நாள் முழுவதும் கர்சர் இங்கும் அங்கும் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். "சார், கீழ போனா முட்டிக்குது, மேல போனா எங்கயோ விழுது. மவுஸ் மாத்தியும் பார்த்தாச்சு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. விண்டோஸில் Display settings பக்கத்தைத் திறந்தால், இரு திரைகளும் 1, 2 என்ற எண்களுடன் இரண்டு பெட்டிகளாகத் தெரியும். கர்சர் அந்தப் படத்தின்படிதான் நடக்கிறது. மேசையை அது அறியாது. இரு பெட்டிகளின் விளிம்புகள் எவ்வளவு நீளத்துக்கு ஒன்றையொன்று தொடுகின்றனவோ, அவ்வளவு நீளமே வாசல், மீதி சுவர். மேலும் அந்தப் பெட்டிகள் சென்டிமீட்டரில் அல்ல, பிக்சலில் அளக்கப்பட்டவை. அந்த லேப்டாப்பின் உயரம் 1080 பிக்சல், மானிட்டரின் உயரம் 1440 பிக்சல். புதிதாக மானிட்டரை இணைக்கும்போது விண்டோஸ் பெரும்பாலும் இரண்டின் மேல் விளிம்பையும் ஒரே கோட்டில் வைத்துவிடுகிறது. இங்கும் அப்படியே இருந்தது. ஆகவே மானிட்டரின் அடிப்பகுதியில் 360 பிக்சலுக்கு எதிரே லேப்டாப் பெட்டி இல்லை.

இப்போது மேசையைப் பார்ப்போம். ஸ்கேலை நிறுத்தி அளந்ததில், லேப்டாப் திரை மேசையிலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி 19.5 சென்டிமீட்டரில் முடிந்தது. ஸ்டாண்டின் மேல் நின்ற மானிட்டரின் திரையோ 11 சென்டிமீட்டரில் தொடங்கி 44.5 வரை உயர்ந்திருந்தது. எங்கள் மலைச்சரிவில் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு வீடுகளில், கீழ் வீட்டின் மாடியும் மேல் வீட்டின் தரைத்தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதுபோல், லேப்டாப்பின் மேல்பாதிதான் மானிட்டரின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மானிட்டரில் 360 பிக்சல் என்பது எட்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது மேசைமட்டத்திலிருந்து 11 முதல் 19.5 வரை. மேசையில் இரு திரைகளும் உண்மையாகவே பக்கத்தில் பக்கத்தில் இருந்த பகுதி முழுவதும், படத்தில் சுவராக இருந்தது. திறந்திருந்த வாசலோ, மேசையில் லேப்டாப்பே இல்லாத உயரத்தில் இருந்தது. மானிட்டரின் மேல் ஓரத்தில் இடப்பக்கம் போனால், கர்சர் 25 சென்டிமீட்டர் கீழே இறங்கி லேப்டாப்பின் மேல் ஓரத்தில் தோன்றும். "எங்கயோ விழுது" என்று அவர் சொன்னது இதைத்தான்.

தீர்வு, படத்தில் மானிட்டரைக் குறிக்கும் பெட்டியை மேலே இழுத்துவிடுவது. ஆனால் எவ்வளவு மேலே என்பதில்தான் கவனம் வேண்டும். லேப்டாப்பில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 62 பிக்சல், மானிட்டரில் 43. இந்த அடர்த்தி வேறுபடும்வரை, இரு திரைகளையும் ஏதேனும் ஓர் உயரத்தில் மட்டுமே துல்லியமாகப் பொருத்த முடியும். அங்கிருந்து விலக விலகப் பிழை வளரும். எழுத்தைப் பெரிதாக்கும் Scale மதிப்பை மாற்றுவதால் இது சரியாகாது, ஏனெனில் பெட்டிகளின் அளவு திரையின் பிக்சலைப் பொறுத்தது. மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ பொருத்துவதைவிட, வேலையின்போது கர்சர் அடிக்கடி கடக்கும் உயரத்தைப் பொருத்துவதே முறை என்பது என் கருத்து.

அம்மையாரை வழக்கம்போல் சிறிது நேரம் வேலை செய்யச் சொல்லிக் கவனித்ததில், அவருடைய கை மேசையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தை ஒட்டியே இரு பக்கமும் கடந்தது. அந்த உயரம் மானிட்டரின் அடியிலிருந்து 4 சென்டிமீட்டர், அதாவது 172 பிக்சல். லேப்டாப்பிலோ அதே உயரம் மேலிருந்து நாலரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது 274 பிக்சல். இவை இரண்டும் ஒரே கோட்டில் அமைய வேண்டுமானால், மானிட்டர் பெட்டியின் அடி விளிம்பு லேப்டாப் பெட்டியின் மேலிருந்து 446 பிக்சல் கீழே, அதாவது அதன் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவில் வர வேண்டும். அந்தப் பக்கத்தில் எண்ணைத் தட்டும் வசதி இல்லாததால், இந்தப் பங்கைக் கண்ணால் மதித்து இழுத்து வைத்து, Apply அழுத்தி, கர்சரை மெதுவாகக் கடத்திப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. பெட்டியை விடும்போது அது தானாகவே மற்றதன் ஓரத்தோடு ஒட்டிக்கொள்ள முயலும். அப்போது பொறுமையாக மீண்டும் இழுக்க வேண்டும்.

இவ்வாறு வைத்தபின் 15 சென்டிமீட்டர் உயரத்தில் கர்சர் நேராகக் கடந்தது. மானிட்டரின் அடி ஓரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவும், லேப்டாப்பின் மேல் ஓரத்தில் 2 சென்டிமீட்டரும் விலகல் இருந்தது; கண் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மானிட்டரின் மேற்பகுதி முழுவதும் இப்போது சுவர். பக்கத்தில் லேப்டாப் இல்லாத உயரத்தில் கர்சர் நிற்பது இயல்பே என்று பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மவுஸை வீசி நகர்த்தும் பழக்கமுள்ளவர்களுக்கு இது எரிச்சலூட்டும். விண்டோஸ் 11 இல் Multiple displays என்ற தலைப்பின் கீழ் Ease cursor movement between displays என்றொரு தேர்வு உண்டு. அதைக் குறியிட்டால், சுவர் உள்ள இடத்திலும் கர்சர் நிற்காமல் மறு திரைக்குப் போய்விடும். அம்மையாருடைய கணினியில் அதையும் குறியிட்டு வைத்தேன். எனினும் படத்தைச் சரிசெய்யாமல் இதை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. முட்டுவது நிற்குமே தவிர, தாவுவது நிற்காது.

இந்த அளவுகள் யாவும் ஸ்டாண்டின் அன்றைய உயரத்துக்கு மட்டுமே பொருந்தும். மேசை துடைக்கும்போது மானிட்டரை ஏற்றி இறக்கிவிட்டால் படம் மீண்டும் பொய்யாகிவிடும் என்பதால், ஸ்டாண்டின் தண்டில் அந்த உயரத்தை மார்க்கரால் கோடிட்டுக் காட்டி, அம்மையாரிடம் அதன் காரணத்தையும் சொல்லிவிட்டு வந்தேன்.