ஸ்கிரீனில் 48 சதவீதம், வீட்டில் இருட்டு: பழைய பேட்டரியோடு புதியதை இணைத்த கதை

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். 2023 குளிர்காலத்தில் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது, 2019-ல் வாங்கிய 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி போதவில்லை. அதே மாடல் கடையில் இல்லை. "இதுவும் 48 வோல்ட், 16 செல், பேரலலாகப் போட்டால் போதும்" என்று சொல்லி வேறு கம்பெனி பேட்டரியைக் கொடுத்தார்கள். ஆள் வந்து மாட்டினார். இணைக்கும்போதே முனையில் பொறி தெறித்தது. "அதெல்லாம் சகஜம்" என்றார்.

அது சகஜமில்லை. பழையது முந்தைய மின்வெட்டில் கிட்டத்தட்டக் காலியாகி 50.5 வோல்ட்டில் இருந்தது, புதியது 53. இடையில் இருந்த மொத்த மின்தடை 0.05 ஓம்தான் என்று வைத்தாலும், 2.5 வோல்ட் வித்தியாசத்துக்கு 50 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். இன்வெர்ட்டர் இதைக் கட்டுப்படுத்தாது, அதன் வழியாக மின்சாரம் போவதே இல்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமான தலைவலி. இரவில் கெட்டிலும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடும்போது வீடே அணைந்துவிடும். இன்வெர்ட்டர் ஸ்கிரீனில் பேட்டரி 48 சதவீதம் என்று நிற்கும். கடைக்குப் போனால் "இன்வெர்ட்டர் கோளாறு" என்றார்கள். இன்வெர்ட்டர் கடைக்காரர் பேட்டரியைக் காட்டினார். கடைசியில் கியாரண்டி புத்தகத்தைத் திறந்து, வேறு மேக்கோடு சேர்த்தால் பொறுப்பில்லை என்ற வரியைக் காட்டிவிட்டார்கள். சேர்க்கச் சொன்னதே அவர்கள்தான். இன்னும் ஆறவில்லை எனக்கு.

டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பக்கம் எலக்ட்ரீஷியனாக இருக்கும் மாமாதான் காப்பாற்றினார். "தம்பி, ஸ்கிரீனைப் பார்க்காதே. இதைப் பிடி" என்று டிசி கிளாம்ப் மீட்டரைக் கையில் கொடுத்தார். கெட்டிலும் மைக்ரோவேவும் சேர்த்து 75 ஆம்பியர். புதியதன் கேபிளில் 55, பழையதில் வெறும் 20. வயதான பேட்டரிக்கு உள்மின்தடை அதிகம். அதனால் சுமையைப் பெரும்பாலும் புதியதே சுமக்கிறது. அது தீரும் நேரத்தில் சுமை பழையதன் மேல் விழுகிறது. பழையதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டான பிஎம்எஸ், 50 ஆம்பியரைத் தாண்டினால் துண்டித்துக்கொள்ளும். அது விலகியதும் மிச்சமிருக்கும் புதியதும் தாங்காமல் அணைகிறது. ஸ்கிரீன் ஏன் பொய் சொன்னது? பேட்டரியின் நிலவரத்தை இன்வெர்ட்டருக்குச் சொல்லும் கம்யூனிகேஷன் கேபிள் பழைய பேட்டரியில் மட்டும் இருந்தது. புதியதன் முகப்பில் ஒரே ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, அதை இன்வெர்ட்டர் அறியவே இல்லை. சார்ஜிலும் இதே கதைதான்: பழையதில் ஒரு செல் முந்திக்கொண்டு நிறைந்ததும் "போதும்" என்று சொல்லிவிடும், புதியது முழுதாக நிறைந்திருக்காது.

சரி, சரிசெய்தது எப்படி? இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக 56 வோல்ட்டில் சார்ஜ் செய்து, கரண்ட் 5 ஆம்பியருக்குக் கீழே இறங்கும்வரை விட்டோம். இரண்டு மணி நேரம் சும்மா வைத்த பிறகு மல்டிமீட்டரில் 53.6, 53.5. அப்புறம்தான் இணைத்தோம். பொறி இல்லை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாதி நிறைந்த நிலையில் வோல்ட் பார்த்து இணைப்பது ஏமாற்று வேலை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற இந்த வகையில் 40 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் மொத்தமாக அரை வோல்ட் அளவுக்குத்தான் வித்தியாசம் இருக்கும். முழுதாக நிறைந்த இடத்தில்தான் மீட்டர் உண்மை பேசும்.

ஒரே நீளம், ஒரே தடிமன் கேபிள்கள், இரண்டும் சேரும் உலோகப் பட்டையான பஸ்பாருக்குப் போகின்றன. ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி டிசி பிரேக்கர். கம்யூனிகேஷன் கேபிளைக் கழற்றிவிட்டு, இன்வெர்ட்டரை வோல்ட்டேஜ் கணக்கில் ஓடவிட்டோம். எங்கள் இன்வெர்ட்டரில் அமைப்பு இது:

```
05  USE
02  40A
26  56.0V
27  54.0V
29  48.0V
```

05 பேட்டரி வகை, USE என்றால் அளவுகளை நாமே வைப்பது. 26 சார்ஜ் ஏற்றும் வோல்ட், 27 நிறைந்த பிறகு பிடித்து வைக்கும் வோல்ட், 29 அதற்குக் கீழே போனால் இன்வெர்ட்டர் நிறுத்திக்கொள்ளும் வோல்ட். 02 சார்ஜ் கரண்ட். இரண்டு பேட்டரி இருக்கிறதே என்று 80 வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். ஒன்று நடுவில் விலகினால் மொத்தமும் மற்றதன் தலையில் விழும். அதனால் பலவீனமானது தனியாகத் தாங்கும் அளவுதான் வரம்பு. சுமைக்கும் அதே கணக்குதான், கெட்டிலும் மைக்ரோவேவும் இப்போது ஒன்றாக ஓடுவதில்லை.

மாதம் ஒருமுறை முழுதாக நிறைத்துச் சில மணி நேரம் அப்படியே வைக்கிறேன், செல்களைச் சமப்படுத்தும் வேலையை பிஎம்எஸ் மேல்முனையில்தான் செய்யும். அன்றைக்கே கிளாம்ப் மீட்டரையும் பிடிக்கிறேன். பங்கு இன்னும் சமமில்லை. வயதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் வீடு அணையவில்லை.

15 செல் பேட்டரியை 16 செல்லோடு சேர்க்கச் சொன்னால் மட்டும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 56 வோல்ட்டில் 15 செல் என்றால் செல்லுக்கு 3.73 வோல்ட், வரம்பு 3.65. அதற்கு எந்த அமைப்பும் உதவாது.